பஸ்ஸை விட்டு இறங்கி ஓபி அறை வரை: ஜிப்மரில் வழி கண்டுபிடிப்பது எப்படி

புதுச்சேரி ஜிப்மருக்கு முதல்முறை போகிறவர்களுக்குப் பேருந்து நிறுத்தத்தைக் கண்டுபிடிப்பதில் கஷ்டமே இல்லை. நடத்துநரே "ஜிப்மர் எல்லாம் இறங்கு" என்று கூவிவிடுவார். இறங்கியபின் நுழைவாயிலுக்கு உள்ளேதான் சிக்கல். மருத்துவமனை, கல்லூரி, விடுதிகள், ஊழியர் குடியிருப்பு எல்லாம் சேர்ந்து சுமார் 195 ஏக்கர் வளாகம் அது. அதற்குள் வெளிநோயாளிகளைப் பார்க்கும் கட்டடமும் ஒன்றல்ல. பொதுவான துறைகளுக்கு ஓபி கட்டடம், இதயம், நரம்பு, சிறுநீரகம் போன்றவற்றுக்கு சூப்பர் ஸ்பெஷாலிட்டி கட்டடம், புற்றுநோய்க்கு மண்டலப் புற்றுநோய் மையம், பிரசவத்துக்கும் குழந்தைகளுக்கும் மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை என்று தனித்தனியாக நிற்கின்றன. இவை போக அவசர சிகிச்சைப் பிரிவு வேறு.

அதனால் "ஓபி எங்க இருக்கு?" என்று கேட்டால், கேட்கப்பட்டவர் தனக்குத் தெரிந்த ஓபியைக் கையைக் காட்டி அனுப்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, கேள்வியில்தான் பாதி விஷயம் இல்லை. சரியான கேள்வியைத் தயார் செய்துகொண்டு போனால், பேருந்து நிறுத்தத்திலிருந்து மருத்துவரின் அறை வரை ஒரே கோடாக நடந்துவிடலாம். அதற்கான வழியைத்தான் வரிசையாக எழுதுகிறேன். ஒரு எடுத்துக்காட்டையும் வைத்துக்கொள்வோம்: திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, முழங்கால் வலியோடு இருக்கும் அறுபது வயது தாண்டிய அம்மாவை மகள் கூட்டிக்கொண்டு வருகிறார். கையில் உள்ளூர் மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதம் இருக்கிறது. "எலும்பு டாக்டரப் பாருங்க" என்று வாயாலும் சொல்லியிருக்கிறார்.

முந்தைய நாள்: எந்தத் துறை, எந்தக் கட்டடம், எந்த நாள்

முதலில் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். பல பேர் அதை மடித்துக் கவரில் வைத்து அப்படியே கவுண்டரில் நீட்டுகிறார்கள். மேலே எந்த மருத்துவமனைக்கு, எந்தத் துறைக்கு என்று எழுதியிருக்கும். மருத்துவர் கையெழுத்து புரியவில்லை என்றால், கடிதம் வாங்கும்போதே "எந்த டிபார்ட்மெண்ட்னு சொல்லுங்க டாக்டர்" என்று கேட்டு, பின்பக்கத்தில் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில் அது ஆர்த்தோ, அதாவது எலும்பு சிகிச்சைத் துறை.

மருத்துவமனையின் பெயரிலும் கவனம் வேண்டும். புதுச்சேரியில் ஒன்றோடு ஒன்று குழம்பும் பெயர்கள் நிறைய. ஊருக்குள் இருக்கும் அரசு பொது மருத்துவமனை இந்திரா காந்தி பெயரில் இருக்கிறது. கதிர்காமத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரியும் இந்திரா காந்தி பெயரில்தான். எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. ஜிப்மர் வளாகத்துக்குள் இருக்கும் மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை அதுவல்ல, வேறு. ஆட்டோக்காரரிடம் "மகளிர் ஆஸ்பத்திரி" என்று மட்டும் சொன்னால் ஊரின் இன்னொரு பக்கம் கொண்டுபோய் விடுவார். "கோரிமேடு ஆஸ்பத்திரி" என்றாலும் அங்கே அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை தனியாக இருக்கிறது. ஆகவே எப்போதும் "ஜிப்மர்" என்ற சொல்லோடு சேர்த்தே கேளுங்கள்.

அடுத்தது நாள். பெரிய மருத்துவமனைகளில் ஒரு துறை எல்லா நாளும் புது நோயாளிகளைப் பார்க்கும் என்று சொல்ல முடியாது. ஒரே துறைக்குள் யூனிட்கள் பிரிந்து, திங்கள் ஒரு யூனிட், செவ்வாய் இன்னொரு யூனிட் என்று பார்ப்பார்கள். சிறப்பு கிளினிக்குகள் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் மட்டும் நடக்கும். ஜிப்மரின் இணையதளத்தில் துறைவாரியாக இந்த அட்டவணை இருக்கும். பழைய நோயாளி என்றால் சீட்டிலேயே அடுத்து வரவேண்டிய நாள் எழுதியிருக்கும், அதுதான் உங்கள் யூனிட்டின் நாள். அதை விட்டுவிட்டு நமக்கு வசதியான நாளில் போனால், உங்களை முன்பு பார்த்த மருத்துவர் அங்கே இருக்கமாட்டார்.

விடுமுறை விஷயத்தில் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி ஏமாறுகிறார்கள். ஜிப்மர் மத்திய அரசின் சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருகிறது. 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகவும் ஆக்கப்பட்டது. அதனால் அங்கே பார்க்கவேண்டியது மத்திய அரசின் விடுமுறைப் பட்டியலை. புத்த பூர்ணிமா, குருநானக் ஜெயந்தி போன்ற நாட்கள் நம் ஊர் காலண்டரில் கண்ணில்கூடப் படாது, ஆனால் அன்றைக்கு அங்கே ஓபி மூடியிருக்கும். முந்தைய நாள் செய்தித்தாளின் புதுச்சேரி பக்கத்தில் "நாளை ஜிப்மர் வெளிநோயாளிகள் பிரிவு இயங்காது" என்று ஒரு சின்னச் செய்தி வரும். அவசர சிகிச்சை மட்டும் வழக்கம்போல் நடக்கும்.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை: கடிதம், ஆதார், ரேஷன் கார்டின் நகல், பழைய எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை. எல்லாவற்றையும் ஒரே துணிப்பையில் வைக்காமல், கடிதத்தையும் ஆதாரையும் மட்டும் தனிக் கவரில் வைத்து, நடக்கும்போது கையில் பிடித்துக்கொள்ளுங்கள். வழி கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டியிருக்கும்.

எங்கே இறங்குவது

ஜிப்மர் கோரிமேட்டில், புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. ஆகவே திண்டிவனத்திலிருந்து கிளியனூர் வழியாகப் புதுச்சேரி வரும் பேருந்து ஜிப்மரைத் தாண்டித்தான் ஊருக்குள் போகும். பேருந்து நிலையம் வரை போய்விட்டுத் திரும்பி வர வேண்டியதில்லை. ஏறும்போதே நடத்துநரிடம் "ஜிப்மர் நிக்குமா?" என்று கேட்டு, ஜிப்மருக்கே சீட்டு வாங்கிவிடுங்கள்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இதில் ஒரு பிரிவு உண்டு. திண்டிவனம் வழியாக வந்தால் மேலே சொன்னதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வந்தால் அந்தப் பேருந்து ஜிப்மர் பக்கம் போகாது. ராஜீவ் காந்தி சிலைச் சந்திப்பில் இறங்கி, திண்டிவனம் சாலையில் போகும் டவுன் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடிக்க வேண்டும். கடலூர், விழுப்புரத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பேருந்து நிலையத்தில் மாறுவதே எளிது. அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான்.

இறங்கியதும் நீங்கள் நுழைவாயில் இருக்கும் பக்கம் நிற்கிறீர்களா, எதிர்ப்பக்கமா என்று பாருங்கள். வந்த திசையைப் பொறுத்து இது மாறும். எதிர்ப்பக்கம் என்றால் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். காலையில் அந்தச் சாலையில் வெளியூர்ப் பேருந்துகளும் லாரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முழங்கால் வலிக்காரரை இழுத்துக்கொண்டு நடுவில் ஓட முடியாது. கூட்டமாகக் கடப்பவர்களோடு சேர்ந்து, போக்குவரத்துக் காவலர் நிற்கும் இடத்தில் கடந்துவிடுங்கள், பத்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை.

இந்த இடத்திலேயே யாராவது வந்து "எந்த ஊரு? ஓபி சீட்டு போட்டுத் தரேன்" என்று பேச்சுக் கொடுத்தால், நின்று பதில் சொல்லாமல் நடையைக் கட்டுங்கள். சீட்டு போடுவது கவுண்டரில் மட்டும்தான். எந்த ஊர் பெரிய ஆஸ்பத்திரி வாசலிலும் இப்படிச் சிலர் இருப்பார்கள்.

நுழைவாயிலில் கேட்கவேண்டிய இரண்டு கேள்விகள்

கேட்டில் செக்யூரிட்டி நிற்பார். அவரிடம் கடிதத்தைக் காட்டி இப்படிக் கேளுங்கள்: "அண்ணா, ஆர்த்தோ ஓபி எந்தக் கட்டடம்? புதுசா வர்றோம், சீட்டு அங்கேயே போடுவாங்களா, வேற எடமா?"

இரண்டாவது கேள்விதான் முக்கியம். பெரிய மருத்துவமனையில் பதிவு செய்யும் இடமும் மருத்துவர் பார்க்கும் இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மருத்துவர் அறையைத் தேடிக் கண்டுபிடித்து, வரிசையிலும் உட்கார்ந்து, முறை வரும்போது "சீட்டு எங்கம்மா?" என்று கேட்டால் அங்கிருந்து திரும்ப நடக்க வேண்டும். அதற்குள் கவுண்டரே மூடியிருக்கலாம். புதிய பதிவு காலை வேளையில் சில மணி நேரம்தான் நடக்கும். அதனால் முதலில் தேடவேண்டியது மருத்துவரை அல்ல, கவுண்டரை.

இன்னொரு விஷயம். கடிதத்தில் கார்டியாலஜி, நியூராலஜி, யூராலஜி என்று எழுதியிருந்தால், சூப்பர் ஸ்பெஷாலிட்டி கட்டடத்துக்குப் போகவேண்டியவர்கள் நீங்கள். அந்தத் துறைகளுக்குப் பரிந்துரை வேண்டும். உங்கள் ஊர்க் கடிதம் போதுமா, முதலில் பொது மருத்துவ ஓபியில் காட்டி அங்கிருந்து எழுதி வாங்கி வரவேண்டுமா என்பதைக் கவுண்டரில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கடிதமே இல்லாமல் "நெஞ்சு படபடங்குது, ஹார்ட் டாக்டரப் பாக்கணும்" என்று வருகிறவர்கள் பொது மருத்துவத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். இப்போதே நெஞ்சு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது, ஒரு பக்கம் கை கால் இழுக்கிறது என்றால் ஓபியே தேடாதீர்கள். செக்யூரிட்டியிடம் "எமர்ஜென்சி" என்று ஒரே வார்த்தை சொல்லுங்கள், அங்கே சீட்டு, நாள், யூனிட் எதுவும் குறுக்கே நிற்காது.

வளாகத்துக்குள் நடக்கும்போது

உள்ளே நுழைந்ததும் அறிவிப்புப் பலகைகள் தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் இருக்கும். நின்று படிப்பதற்குப் பெரும்பாலோர்க்குப் பொறுமை இருப்பதில்லை, முன்னால் போகும் கூட்டத்தின் பின்னாலேயே போய்விடுகிறார்கள். கூட்டத்தைப் பின்தொடர்வது முழுக்கத் தப்பில்லை, காலை ஏழு எட்டு மணிக்கு அந்தக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் ஓபிக்குத்தான் போகிறார்கள். ஆனால் அவர்களுடைய ஓபி உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. சாலை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் பலகையைப் பாருங்கள், இல்லையென்றால் ஒருவரிடம் கேளுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதும் ஒரு கணக்குதான். மூன்று வகையானவர்கள் சரியாகச் சொல்வார்கள்: சீருடையில் இருக்கும் செக்யூரிட்டி, துப்புரவுப் பணியாளர், கையில் பழுப்பேறிய பழைய ஓபி சீட்டை வைத்திருக்கும் பழைய நோயாளி. இவர்களில் எனக்கு மிகவும் நம்பிக்கையானவர்கள் துப்புரவுப் பணியாளர்கள். அவர்களுக்கு ஒவ்வொரு அறையும் தெரியும், எந்தக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதும் தெரியும். வெள்ளைக் கோட்டு போட்ட இளைஞர்களிடம் கேட்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் வெளி மாநில மாணவர்கள், போன வாரம்தான் சேர்ந்தவராகக்கூட இருக்கலாம். மரியாதையாகத்தான் பதில் சொல்வார்கள், ஆனால் தங்கள் துறையைத் தாண்டி அவர்களுக்கே வழி தெரியாது.

கேட்டவர் சொன்ன பதிலில் "நேரா போய் லெப்ட்ல" என்பது மட்டும் இருந்தால் அது போதாது. "அந்த எடத்துல அடையாளம் என்ன இருக்கு?" என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். மருந்துக் கடை, கேன்டீன், ஏடிஎம், ஆம்புலன்ஸ் நிற்கும் இடம், பெரிய மரம் என்று ஏதாவது சொல்வார்கள். அது வந்ததும் திரும்பினால் போதும். அது வராமலே நெடுநேரம் நடக்கிறீர்கள் என்றால் வழி தப்பிவிட்டது.

வழி தப்பியதற்கு வேறு அறிகுறிகளும் உண்டு. கையில் எக்ஸ்ரே கவர் வைத்திருப்பவர்கள், சாப்பாட்டுக் கூடையோடு போகிறவர்கள் குறையத் தொடங்கினால் சந்தேகப்படுங்கள். சாலையோரம் வீட்டு வாசல்கள், கொடியில் துணி, சைக்கிள் ஸ்டாண்ட், பேட்டை மாட்டிக்கொண்டு விளையாடப் போகும் பையன்கள் தெரிந்தால் நீங்கள் குடியிருப்புப் பக்கமோ விடுதிப் பக்கமோ போய்விட்டீர்கள். மேலே நடந்து ஏதாவது குறுக்கு வழி கிடைக்கிறதா என்று பார்க்காதீர்கள், வந்த வழியே கடைசியாகக் கேட்ட இடம் வரை திரும்புங்கள். இப்படிப்பட்ட வளாகங்களில் குறுக்கு வழி பெரும்பாலும் பூட்டிய கேட்டில் போய் முடியும்.

இதே காரணத்தால்தான் கூகுள் மேப்பை இங்கே அளவோடு நம்ப வேண்டும். JIPMER என்று மட்டும் தேடினால் குறி வளாகத்தின் நடுவில் எங்காவது விழும். கட்டடத்தின் பெயரையும் சேர்த்து, JIPMER OPD என்றோ JIPMER Super Speciality Block என்றோ தேடுங்கள். திசை தெரிந்துகொள்ள அது உதவும். கட்டடத்துக்குள் நுழைந்த பிறகு போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள், எந்த மாடியில் நிற்கிறீர்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

நடை வேகத்தையும் கணக்கில் வையுங்கள். நாம் தனியாக நடந்தால் நிமிடத்துக்கு எண்பது மீட்டர் போவோம், அரை கிலோமீட்டர் ஆறேழு நிமிடம். முழங்கால் வலியோடு இருப்பவர் அதில் பாதி வேகம்கூடப் போகமாட்டார், நடுவில் இரண்டு இடத்தில் உட்காரவும் செய்வார். ஆக அதே தூரத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்க வேண்டும். வீல் சேர் பொதுவாகக் கட்டட வாசலில்தான் கிடைக்கும், சாலையோர கேட்டில் கிடைக்காது. அதனால் கூட இன்னொருவர் வந்திருந்தால், நோயாளியை அவரோடு கேட்டுக்கு அருகே நிழலில் உட்கார வைத்துவிட்டு, நீங்கள் முன்னால் போய் வீல் சேர் எடுத்து வாருங்கள். ஆதாரையோ போன் நம்பரையோ வாங்கி வைத்துக்கொண்டு தருவது பல இடங்களில் வழக்கம். நோயாளிகளை ஏற்றிச் செல்லும் பேட்டரி வண்டி ஓடுகிறதா என்றும் கேட்டிலேயே கேளுங்கள். ஆட்டோவில் வந்தால் "உள்ள கட்டடம் வரைக்கும் விடுவாங்களா?" என்று ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள், இறங்கியபின் பேசினால் அது வாக்குவாதமாகத்தான் முடியும்.

கவுண்டர்: சீட்டை வாங்கியதும் அங்கேயே படியுங்கள்

பதிவு செய்யும் இடத்தில் ஒரே வரிசை இருக்காது. புதியவர்களுக்கு ஒன்று, பழைய நோயாளிகளுக்கு ஒன்று, முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனியாக ஒன்று என்று பிரித்திருப்பார்கள். வரிசையின் வாலில் போய் நிற்பதற்கு முன் தலைப்பக்கம் போய்க் கண்ணாடிக்கு மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாருங்கள். நம் எடுத்துக்காட்டில் அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, முதியோர் வரிசை இருந்தால் அதில் நிற்கலாம். ஆதாரில் இருக்கும் வயதுதான் கணக்கு.

கவுண்டரில் கேட்பது பெயர், வயது, ஊர், போன் நம்பர், எந்தத் துறை என்பதுதான். இங்கே அவசரப்படாமல் பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். முதல்முறை பதியும்போது ஹாஸ்பிடல் நம்பர் ஒன்று கொடுப்பார்கள். அதற்குப் பிறகு ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, மருந்து எல்லாமே அந்த எண்ணில்தான் ஓடும். அடுத்தமுறை வரும்போது சீட்டைத் தொலைத்துவிட்டு மீண்டும் புதிதாகப் பதிந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு எண் ஆகிவிடும், பழைய ரிப்போர்ட் எதுவும் மருத்துவரின் திரையில் வராது. அதனால் சீட்டு கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் சீட்டைப் படியுங்கள். பெயரும் வயதும் சரியா, துறை சரியா, யூனிட் என்ன, அறை எண் அல்லது தளம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் ஆங்கிலச் சுருக்கத்தில் இருக்கும். ORTHO என்றால் எலும்பு, OPHTHAL என்றால் கண், ENT என்றால் காது மூக்கு தொண்டை, DERM என்றால் தோல், OBG என்றால் மகப்பேறு, GS என்றால் பொது அறுவை சிகிச்சை. கால் வலி என்று சொன்னதைக் கேட்டு மெடிசின் என்று போட்டுவிடுவதும் உண்டு, வலி எங்கே என்று சொல்லாமல் "உடம்பு வலி" என்றால் அப்படித்தான் போடுவார்கள். கவுண்டரிலேயே கடிதத்தைக் கண்ணாடிக்குள் நீட்டிவிட்டால் இந்தத் தவறு வராது. அறை எண் இல்லையென்றால் "எந்த ரூம் மேடம், எந்த ப்ளோர்?" என்று கேட்டு, சீட்டின் ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டடத்துக்குள் கடைசி நூறு மீட்டர்

தரைத்தளத்துக்கு மேலே இருப்பதுதான் முதல் தளம். இதைச் சொல்ல வேண்டுமா என்று தோன்றும், ஆனால் "பர்ஸ்ட் ப்ளோர்" என்று கேட்டவர்கள் கீழேயே அறை அறையாகத் தேடுவதைத் தினமும் பார்க்கலாம். லிப்டில் ஏறுவதற்கு முன் அது ஸ்ட்ரெச்சருக்கும் ஊழியர்களுக்கும் ஒதுக்கியதா என்று பாருங்கள். சரிவுப் பாதை இருந்தால் முழங்கால் வலிக்காரருக்குப் படியைவிட அது மேல்.

அறைக்கு முன்னால் போனதும் காலி இடத்தில் உட்கார்ந்துவிடாதீர்கள். வாசலில் நர்ஸோ அட்டெண்டரோ சீட்டுகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருப்பார். சீட்டு அந்த அடுக்கில் சேர்ந்தால்தான் நீங்கள் வந்ததாகக் கணக்கு. சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் கூப்பிடமாட்டார்கள். "ஆர்த்தோ, புது கேஸ்" என்று சொல்லிக் கொடுங்கள், டோக்கன் எண் இருந்தால் கேட்டு வாங்குங்கள். பிறகு இப்போது எந்த எண் ஓடுகிறது என்று ஒருமுறை பாருங்கள். உங்களுக்கும் அதற்கும் நிறைய இடைவெளி இருந்தால் ஒருவர் அங்கேயே இருக்க, மற்றவர் கழிவறையும் குடிதண்ணீரும் எங்கே என்று பார்த்து வரலாம். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் சீட்டு அடுக்கின் அடிக்குப் போய்விடும்.

பெயரைக் கூப்பிடும் உச்சரிப்பு நம் காதுக்குச் சட்டென்று பிடிபடாது. வெளிமாநில மருத்துவர் ஒருவர் "தனலட்சுமி" என்பதை எப்படி அழைப்பார் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். பெயரைவிட எண்ணைக் கவனிப்பது நல்லது.

மருத்துவர் பார்த்த பிறகும் நடை முடியாது

ஆர்த்தோவில் மருத்துவர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் எக்ஸ்ரே எழுதுவார். முழங்காலுக்கு நின்ற நிலையில் எடுக்கச் சொல்வார்கள், எடை தாங்கும்போதுதான் மூட்டுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி சரியாகத் தெரியும். ஆகவே அம்மா அங்கேயும் நிற்க வேண்டும், வரும் வழியிலேயே அவரைக் களைப்படைய விட்டுவிடாதீர்கள். எக்ஸ்ரே அறைக்குப் போவதற்கு முன் மருத்துவரிடமோ நர்ஸிடமோ மூன்று விஷயம் கேளுங்கள். எக்ஸ்ரே எங்கே எடுப்பது, எடுத்ததும் இன்றைக்கே திரும்பிக் காட்டவேண்டுமா, அப்படியென்றால் எத்தனை மணிக்குள். திரும்பி வந்தவர்கள் மறுபடி வரிசையின் கடைசியில் நிற்கவேண்டுமா, நேராக உள்ளே போகலாமா என்பதை அட்டெண்டரிடம் கேளுங்கள். இது இடத்துக்கு இடம் மாறும்.

எக்ஸ்ரேவுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் வேறு வேறு இடம் என்றால், அம்மாவை ஒவ்வொன்றுக்கும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நோயாளி நேரில் இருக்கவேண்டியது எக்ஸ்ரேவுக்கும் ரத்தம் கொடுப்பதற்கும் மட்டும்தான். மருந்து வாங்க, அடுத்த தேதி போட, ரிப்போர்ட் வாங்க நீங்கள் மட்டும் போனால் போதும். பிரிவதற்கு முன் சந்திக்கும் இடத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "வாசல்ல" என்றால் எந்த வாசல் என்ற குழப்பம் வரும், ஒவ்வொரு கட்டடத்துக்கும் வாசல்கள் நிறைய. "ஆர்த்தோ ரூமுக்கு எதிர்ல இருக்கற பெஞ்ச்" என்று சொல்லுங்கள். அம்மாவிடம் போன் இருந்தாலும் அதில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

மருந்து வரிசையில் நிற்பதற்கு முன் சீட்டில் மருத்துவர் எழுதியது எத்தனை நாளுக்கு, அடுத்து வரவேண்டிய தேதி என்ன என்று பாருங்கள். அந்தத் தேதி மேலே சொன்ன மத்திய அரசு விடுமுறை எதிலாவது விழுகிறதா என்று அங்கேயே போனில் பார்த்து, விழுந்தால் உடனே கேட்டு மாற்றிக்கொள்ளலாம். ஊருக்குப் போனபின் தெரிந்தால் மாற்றுவதற்கு இன்னொரு முறை வரவேண்டும்.

திரும்பும்போது வந்த வழியிலேயே கேட்டுக்கு நடங்கள். வேறு வாசல் வழியாக வெளியே வந்தால் வேறொரு சாலையில் நிற்பீர்கள், உங்கள் பேருந்து அங்கே வராது. திண்டிவனம் போகிறவர்கள் காலையில் இறங்கிய இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். பேருந்து நிலையத்திலிருந்தே நிரம்பி வரும் விரைவுப் பேருந்துகள் சில சமயம் நிறுத்தாமல் போய்விடும். நின்றுகொண்டே ஊர் வரை போக அம்மாவால் முடியாது என்றால், டவுன் பஸ்ஸில் பேருந்து நிலையம் வரை போய், அங்கேயே உட்கார இடம் பிடித்துக் கிளம்புங்கள். கூடுதலாக முக்கால் மணி நேரம் ஆகும்.